ஹோஸ்டிங் மாத்தப் போறேன், 14 ஜிபி பழைய மெயில்: லேப்டாப்ல எல்லாம் தெரியுதே, அதுவே பேக்கப் ஆகாதா?

கவி_லெபோபசார் | 3 மார்ச் 2025, இரவு 9:52

பினாங்கு லிட்டில் இந்தியால நம்ம துணிக்கடைக்கு சொந்த டொமைன்ல ஒரு மெயில் இருக்கு. 2013-லேர்ந்து ஓடுது. 14 ஜிபி, ஏறக்குறைய 41,000 மெயில். இப்ப இருக்கிற ஹோஸ்டிங் கம்பெனி கடையைச் சாத்தறாங்களாம், ஏப்ரல் கடைசிக்குள்ள வேற இடத்துக்கு போகணும். புது இடத்துல மெயில்பாக்ஸ் வாங்கியாச்சு, காலியா இருக்கு.

என் லேப்டாப்ல தண்டர்பேர்ட்ல ஐமேப்-ஆ போட்டு வச்சிருக்கேன், 2013 மெயில் வரைக்கும் எல்லாம் தெரியுது. அண்ணன் சொல்றாரு, அதான் உன் லேப்டாப்லயே இருக்கே, டிஎன்எஸ் மாத்து, புது பாஸ்வேர்ட் போடு, முடிஞ்சதுன்னு. எனக்கு மனசு கேக்கல. இன்வாய்ஸ் எல்லாம் அதுலதான் இருக்கு, டேக்ஸ் ரெக்கார்ட் 7 வருஷம் வச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு. அண்ணன் சொல்றது சரியா?

செந்தூல்பையன் | 3 மார்ச், இரவு 10:15

சரிதான்க்கா. மெயில் கம்ப்யூட்டர்ல இருந்தா அது உங்களோடது. நான் அவுட்லுக் யூஸ் பண்றேன், ஓஎஸ்டி ஃபைல் ஒண்ணு இருக்கும், அத பென்டிரைவ்ல காப்பி பண்ணி வச்சிட்டா போதும். நம்ம ஆபிஸ்ல அப்படித்தான் செய்வோம்.

ஜெலுத்தோங் அங்கிள் | 3 மார்ச், இரவு 10:31

ஃபைபர் லைன் மாத்தறதுக்கு எதுக்கும்மா மெயில் பேக்கப்? நான் போன வருஷம் லைன் மாத்தினேன், ரவுட்டர் மட்டும்தான் மாத்தினாங்க, மெயில் அப்படியே இருக்கு.

கவி_லெபோபசார் | 3 மார்ச், இரவு 10:40

அங்கிள், வீட்டு இன்டர்நெட் இல்ல, கடை மெயில் எந்த சர்வர்ல உக்காந்திருக்கோ அந்த சர்வரையே மாத்தறோம்.

சேகர்_பயான்லெப்பாஸ் | 4 மார்ச், காலை 7:20

தயவுசெஞ்சு இன்னும் டிஎன்எஸ்-ல கை வைக்காதீங்க. அண்ணன் சொல்றபடி செஞ்சா லேப்டாப்ல இருக்கிறதும் போயிடும். ஏன்னு சொல்றேன்.

உங்க தண்டர்பேர்ட்ல சர்வர் பேரு என்னவா போட்டிருக்கீங்க? பெரும்பாலும் mail. அதுக்கப்புறம் உங்க டொமைனா இருக்கும். டிஎன்எஸ் மாத்தினதும் அதே பேரு புது சர்வரைக் காட்டும். பேரு மாறாததால தண்டர்பேர்டுக்கு நீங்க வீடு மாறினது தெரியாது, அதே சர்வர்தான்னு நினைச்சு போய் கேக்கும். ஐமேப்-ல ஒவ்வொரு ஃபோல்டருக்கும் சர்வர் ஒரு அடையாள நம்பர் வச்சிருக்கும், யூஐடி வேலிடிட்டின்னு சொல்வோம். புது சர்வர்ல அது வேறயா இருக்கும். அந்த நம்பர் மாறிட்டா, கையில இருக்கிற காப்பி இனி செல்லாதுன்னு எடுத்துக்கிட்டு, இருந்ததைத் தூக்கிப் போட்டுட்டு சர்வர்ல இருக்கிறத புதுசா இறக்கணும், விதியே அப்படி. சர்வர்ல என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. அப்ப உங்க லேப்டாப்லயும் ஒண்ணும் இருக்காது. எர்ரர் மெசேஜ் கூட வராது, ஏன்னா அதோட கணக்குல எல்லாம் ஒழுங்கா நடந்திருக்கு.

ஐமேப் கண்ணாடி மாதிரி. எதிர்ல ஆள் நகர்ந்தா உருவமும் போயிடும்.

தம்பி செந்தூல், ஓஎஸ்டி-யும் அதே கதைதான். அது அந்த அக்கவுண்டோட ஒட்டின தற்காலிக காப்பி, இன்னொரு கம்ப்யூட்டர்ல கொண்டு போய் நேரா திறக்க முடியாது. அவுட்லுக்ல பேக்கப்னா பிஎஸ்டி-யா எக்ஸ்போர்ட் பண்ணணும், அதுதான் தனியா நிக்கும்.

செந்தூல்பையன் | 4 மார்ச், காலை 9:05

ஆபிஸ்ல காப்பி பண்ணி வச்சதை யாரும் திறந்தே பார்த்ததில்ல லா. இன்னைக்கு பாக்கறேன்.

கவி_லெபோபசார் | 4 மார்ச், மதியம் 1:30

அண்ணே, படிச்சதும் வயித்தக் கலக்கிருச்சு. அப்ப முதல் வேலை என்ன? சர்வரோட ஒட்டாத ஒரு காப்பி எப்படி எடுக்கறது?

சேகர்_பயான்லெப்பாஸ் | 4 மார்ச், இரவு 8:45

தண்டர்பேர்ட்ல இடது பக்கம் கீழ Local Folders-னு ஒண்ணு இருக்கும். அது எந்த சர்வரோடயும் பேசாது, டிஸ்க்ல மட்டும் இருக்கும். அதுல 2025 பழசுன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, ஒவ்வொரு ஃபோல்டரா காப்பி பண்ணுங்க. மூவ் பண்ணாதீங்க, காப்பி. மூவ் பண்ணினா சர்வர்ல அழிஞ்சிடும், பாதியில லைன் விழுந்துச்சுன்னா எது எங்க இருக்குன்னு தேடித் திரியணும்.

அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். வைஃபை ஆஃப் பண்ணிட்டு 2014, 2016-ல அட்டாச்மென்ட் இருக்கிற ஏதாவது மெயிலைத் திறங்க. பிடிஎஃப் திறந்தா முழு மெயில் உங்ககிட்ட இருக்கு. தலைப்பு மட்டும் வந்து உள்ளே காலியா இருந்தா, லிஸ்ட் மட்டும்தான் இருக்கு. அப்ப அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல Synchronization & Storage-ல எல்லா ஃபோல்டரையும் கம்ப்யூட்டர்ல வைக்கச் சொல்லி டிக் போட்டு, ராத்திரி முழுக்க இறங்க விடுங்க. அதே பக்கத்துல இத்தனை கேபி-க்கு மேல இறக்காதேன்னு ஒரு டிக் இருக்கும், அது போட்டிருந்தா எடுத்துடுங்க, உங்க பெரிய இன்வாய்ஸ் எல்லாம் அதுலதான் மாட்டும்.

மலர்_ஆயர்ஈத்தாம் | 5 மார்ச், மாலை 4:10

என் கேஸ் கொஞ்சம் வேற, சேகர் சார் சொல்லுங்க. நான் டியூஷன் சென்டர் நடத்தறேன், நாங்களும் அதே ஹோஸ்டிங்தான், அதே நோட்டீஸ் எங்களுக்கும் வந்துச்சு. வெப்மெயில்ல போய் பார்த்தா ரெண்டு வாரத்து மெயில்தான் இருக்கு! பழசு எல்லாம் சென்டர் கம்ப்யூட்டர்ல அவுட்லுக்ல தெரியுது. அவங்களே அழிச்சிட்டாங்களா?

சேகர்_பயான்லெப்பாஸ் | 5 மார்ச், இரவு 9:30

டீச்சர், அவங்க அழிக்கல. உங்க அவுட்லுக் பாப்-ல செட் பண்ணியிருக்கு. பாப் மெயிலை கம்ப்யூட்டருக்கு இறக்கிட்டு சர்வர்ல இருந்து எடுத்துடும், 14 நாள் விட்டு வைன்னு ஒரு செட்டிங் இருக்கும், ரெண்டு வாரம்னு நீங்க சொல்றது அதோட பொருந்துது. அப்ப உங்க பழைய மெயிலோட ஒரே பிரதி அந்த கம்ப்யூட்டர்ல இருக்கிற பிஎஸ்டி ஃபைல்தான். அவுட்லுக்கை மூடிட்டு இன்னைக்கே அந்த ஃபைலை வெளி டிஸ்க்ல காப்பி எடுங்க. சர்வர் மூடறது உங்களுக்கு பெரிய ஆபத்து இல்ல, அந்த ஹார்ட் டிஸ்க் போறதுதான் ஆபத்து.

மலர்_ஆயர்ஈத்தாம் | 5 மார்ச், இரவு 9:48

2015-ல வாங்கின கம்ப்யூட்டர் சார். நாளைக்கு காலைல முதல் வேலை அதுதான்.

கவி_லெபோபசார் | 8 மார்ச், இரவு 11:20

நிலவரம் சொல்றேன். வைஃபை டெஸ்ட்ல இன்பாக்ஸ் நல்லா திறந்துச்சு, ஆனா Sent-ல 2018-க்கு முன்னாடி உள்ளது பாதி காலி. சேகர் அண்ணே சொன்ன டிக் போட்டதும் ராத்திரி முழுக்க இறங்குச்சு. அப்புறம் ஒவ்வொரு ஃபோல்டரா லோக்கலுக்கு காப்பி. இன்பாக்ஸ் மாதிரி பெரிசு ஒரே மூச்சுல போட்டா பாதியில நின்னு போச்சு, வருஷ வாரியா செலக்ட் பண்ணி போட்டதும் ஒழுங்கா போச்சு.

பென்டிரைவ்ல போடறப்போ ஒரு தகராறு. Sent ஃபோல்டர் ஒரே ஃபைலா 6 ஜிபி இருக்கு, பென்டிரைவ்ல 50 ஜிபி இடம் இருக்கு, ஆனா ஃபைல் பெரிசுன்னு சொல்லி ஏத்த மாட்டேங்குது.

செந்தூல்பையன் | 8 மார்ச், இரவு 11:41

அது எனக்கு தெரியும்க்கா. பென்டிரைவ் ஃபேட்32-ல ஃபார்மேட் ஆகியிருக்கு, அதுல ஒரு ஃபைல் 4 ஜிபி-க்கு மேல போகாது. எக்ஸ்ஃபேட்-ல ஃபார்மேட் பண்ணுங்க, உள்ளே இருக்கிறதை முதல்ல வெளிய எடுத்துட்டு.

அப்புறம் என் ஆபிஸ் ஓஎஸ்டி: வேற கம்ப்யூட்டர்ல திறக்கல. சேகர் அண்ணன் சொன்னது உண்மை. இப்ப எல்லாத்தையும் பிஎஸ்டி-யா எடுத்துக்கிட்டு இருக்கோம்.

கவி_லெபோபசார் | 9 மார்ச், காலை 10:05

எக்ஸ்ஃபேட் வேலை செஞ்சது தம்பி, நன்றி. இப்ப ரெண்டு டிஸ்க்ல இருக்கு, ஒண்ணு கடையில, ஒண்ணு பட்டர்வர்த்ல சித்தி வீட்டுல.

அடுத்து புது அக்கவுண்டுக்குள்ள ஏத்தறது. எங்க அண்ணன் நேத்து கடை கம்ப்யூட்டர்ல இருந்து 2019 ஃபோல்டரை மட்டும் இழுத்து புது அக்கவுண்ட்ல போட்டுப் பார்த்தாரு. போச்சு. ஆனா போன்ல பார்த்தா 2019 மெயில் எல்லாம் நேத்து தேதியில வந்து உக்காந்திருக்கு! மெயிலைத் திறந்தா உள்ளே சரியான தேதி, லிஸ்ட்ல மட்டும் நேத்து. வரிசையே குழம்பிப் போச்சு.

செந்தூல்பையன் | 9 மார்ச், காலை 10:50

அது போன் ஆப்போட பிராப்ளம். ஆப்பை அழிச்சுட்டு மறுபடி போடுங்க.

சேகர்_பயான்லெப்பாஸ் | 9 மார்ச், இரவு 9:15

ஆப்பை மறுபடி போட்டாலும் அப்படியேதான் இருக்கும் தம்பி, ஏன்னா தேதி சர்வர்லயே அப்படித்தான் பதிவாயிருக்கு.

ஒரு மெயிலுக்கு ரெண்டு தேதி உண்டு. ஒண்ணு மெயிலுக்குள்ளயே எழுதியிருக்கும், அனுப்பினவர் தேதி. அது மாறாது. இன்னொண்ணு சர்வர் கையில வாங்கினப்போ குத்தற முத்திரைத் தேதி. வெளியில இருந்து ஏத்தறப்போ, இந்த மெயிலோட பழைய முத்திரை இதுன்னு ஏத்தற ப்ரோகிராம் சொல்லலாம். சொன்னா சர்வர் அதை வச்சுக்கும். சொல்லலைன்னா ஏத்தின நாளைக் குத்தும். சில மெயில் ப்ரோகிராம் சொல்லும், சிலது சொல்லாது. போன் ஆப்புங்க பல ரெண்டாவது தேதியை வச்சுத்தான் வரிசைப்படுத்தும், அதனாலதான் அங்க மட்டும் கண்ணுல படுது.

மெயில் எதுவும் கெடல. ஆனா புது அக்கவுண்ட்ல இருந்து அந்த 2019 ஃபோல்டரை அழிச்சிடுங்க, வேற வழியில ஏத்தலாம். பழைய சர்வர் இன்னும் உயிரோட இருக்கில்ல, அங்கிருந்து நேரா புது சர்வருக்கு imapsync-ங்கற ப்ரோகிராம் வச்சு இழுக்கலாம். அது ரெண்டு பக்கமும் லாகின் பண்ணி, முத்திரைத் தேதி, படிச்சது படிக்காதது, நட்சத்திரம் போட்டது எல்லாத்தையும் சேர்த்துக் கொண்டு போகும். ஒரு தடவை போனதை மறுபடி போடாது, அதனால எத்தனை தடவை ஓட்டினாலும் ரெட்டிப்பு ஆகாது.

லேப்டாப்ல எடுத்த லோக்கல் காப்பி கடைசி அரண். ஏத்தறதுக்கு அதைத் தொட வேண்டாம்.

சேகர்_பயான்லெப்பாஸ் | 9 மார்ச், இரவு 9:40

முக்கியமானதை விட்டுட்டுப் போக வேணாம்னு திரும்ப வரேன். பழைய சர்வர் பேரா உங்க டொமைன்ல இருக்கிற mail பேரை போடாதீங்க. டிஎன்எஸ் மாறினதும் அது புது சர்வரைக் காட்டும், அப்புறம் புதுசுல இருந்து புதுசுக்கே காப்பி பண்ணிக்கிட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லும். ஹோஸ்டிங் கம்பெனி குடுத்த வெல்கம் மெயில்ல சர்வரோட சொந்தப் பேரு இருக்கும், அதை எடுங்க. இந்த மாதிரி வரும், பேரெல்லாம் உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க:

```
imapsync --host1 server27.example.net --user1 kadai@example.com --passfile1 p1.txt \
  --host2 imap.example.org --user2 kadai@example.com --passfile2 p2.txt \
  --automap --exclude "Trash|spam" --dry
```

கடைசியில --dry இருக்கிற வரைக்கும் எதையும் காப்பி பண்ணாது, என்ன பண்ணப் போறேன்னு மட்டும் சொல்லும். முதல்ல அதைப் படிங்க. --automap எதுக்குன்னா, ஒரு சர்வர்ல Sent, இன்னொண்ணுல Sent Items, இப்படி இருக்கிறத ஜோடி சேர்க்க. இல்லாட்டி ரெண்டு அனுப்பினது ஃபோல்டர் வந்து நிக்கும். எங்கயாவது --delete2 போடச் சொல்லி படிச்சா போடாதீங்க, பழையதுல இல்லாத மெயிலை புதுசுல அழிச்சிடும், அதுக்குள்ள அங்க புது மெயில் வந்திருக்கும். பாஸ்வேர்ட் ஃபைல் ரெண்டையும் வேலை முடிஞ்சதும் அழிச்சிடுங்க.

கவி_லெபோபசார் | 11 மார்ச், இரவு 10:30

விண்டோஸுக்கான imapsync ஜிப்பை விரிச்சு, வரிக் கடைசியில இருக்கிற \ எடுத்துட்டு கமாண்டை ஒரே வரியா போட்டு ஓட்டினேன். --dry-ல ஒண்ணு பயமுறுத்துது அண்ணே. இந்த மாதிரி ஃபோல்டர் பேரு வருது:

```
INBOX.&C7ULvgufC5ULyA-
```

நான் இப்படி எதுவும் வைக்கல. யாராவது உள்ளே பூந்துட்டாங்களா?

சேகர்_பயான்லெப்பாஸ் | 11 மார்ச், இரவு 10:44

யாரும் பூரல. அது வாடகை. உங்க தமிழ் ஃபோல்டர் பேருதான். ஐமேப் பழைய காலத்து விதிப்படி ஆங்கில எழுத்து இல்லாத பேரை இப்படி மாத்தி எழுதும். தமிழ்ல தொடங்கற பேரு எதுவா இருந்தாலும் &C-ன்னுதான் ஆரம்பிக்கும், பார்த்தாலே தெரிஞ்சுக்கலாம். புது சர்வர்ல போன்ல பார்க்கறப்போ வாடகைன்னே தெரியும். முன்னாடி இருக்கிற INBOX. அந்த பழைய சர்வரோட வழக்கம், imapsync-ஏ கழட்டிக்கும்.

ஜெலுத்தோங் அங்கிள் | 12 மார்ச், காலை 8:00

வாடகை ஃபோல்டர்ல மெயில் வச்சிருக்கற ஆளை இப்பதான் பாக்கறேன், நம்ம வீட்டு ஓனர் எல்லாம் நேர்லயே வந்துடுவாரு. நல்லா பண்றம்மா, நிதானமா பண்ணு.

கவி_லெபோபசார் | 15 மார்ச், மாலை 6:15

--dry எடுத்துட்டு நிஜமா ஓட்டினேன். வெள்ளி ராத்திரி கடை மூடினதும் ஆரம்பிச்சது, சனிக்கிழமை மத்தியானம் முடிஞ்சது. கடைசியில Detected 0 errors, அதோட The sync looks good-னு வந்துச்சு. தேதி எல்லாம் போன்ல சரியா இருக்கு, வாடகையும் வாடகையா இருக்கு. ரொம்ப சந்தோஷம்.

ஆனா ஃபோல்டர் வாரியா நம்பர் எழுதி பார்த்தேன். இன்பாக்ஸ் சரி. Sent-ல பழசு 9,840, புதுசு 9,628. 212 குறையுது. எர்ரர் இல்லைன்னு சொல்லுதே, எப்படி குறையும்?

செந்தூல்பையன் | 15 மார்ச், மாலை 6:50

ரெட்டிப்பா இருந்ததை விட்டிருக்கும்க்கா. நல்லதுதானே.

சேகர்_பயான்லெப்பாஸ் | 15 மார்ச், இரவு 8:30

தம்பி சொல்றது நடக்கும், ஒரே ஃபோல்டர்ல ஒரே மெயில் ரெண்டு தடவை இருந்தா ஒண்ணைத்தான் எடுக்கும். ஆனா 212 அதிகம். கவி, அந்த கடைசி கணக்குல Messages void (noheader) on host1-னு ஒரு வரி இருக்கும், அதுல என்ன நம்பர்?

கவி_லெபோபசார் | 15 மார்ச், இரவு 8:41

212!!

சேகர்_பயான்லெப்பாஸ் | 15 மார்ச், இரவு 9:10

அதுதான். imapsync ஒரு மெயிலை அடையாளம் கண்டுபிடிக்க மெயிலோட தலைப்பகுதியில இருக்கிற ரெண்டு வரியை, அதாவது ஹெடரைப் பாக்கும், Message-Id, Received. சாதாரணமா வர்ற எந்த மெயில்லயும் இது இருக்கும். ரெண்டுமே இல்லாத மெயிலை அடையாளம் தெரியலைன்னு விட்டுட்டு போயிடும். கடைசி வரியை முழுசா படிங்க, identified-னு ஒரு சொல் இருக்கும், அதாவது அடையாளம் தெரிஞ்சதெல்லாம் போயிடுச்சுன்னு மட்டும்தான் அது சொல்லுது. எர்ரர் கணக்குல இதைச் சேர்க்காது.

கடையில பழைய பில்லிங் சாஃப்ட்வேர் ஏதாவது மெயிலை நேரா Sent-ல போட்டுச்சா? அந்த மாதிரி ப்ரோகிராம்தான் Message-Id போடாம வைக்கும். டிராஃப்ட்லயும் இது வரும்.

அதே கமாண்ட்ல --addheader சேர்த்து மறுபடி ஓட்டுங்க. அடையாளம் இல்லாததுக்கு ஒரு Message-Id போட்டு ஏத்தும். ஏற்கெனவே போனதைத் தொடாது.

கவி_லெபோபசார் | 16 மார்ச், காலை 11:25

9,840-க்கு 9,840. அந்த 212-ம் 2015, 2016-ல பழைய பில்லிங் ப்ரோகிராம் அனுப்பின இன்வாய்ஸ். 7 வருஷக் கணக்குக்கு வெளியதான், ஆனா அப்பா கேட்டா எடுத்துக் காட்டணும். எண்ணிப் பார்க்காம விட்டிருந்தா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

இப்ப டிஎன்எஸ் மாத்தலாமா?

சேகர்_பயான்லெப்பாஸ் | 16 மார்ச், மதியம் 2:00

மாத்தலாம். மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு டிஎன்எஸ்-ல சொல்றதுதான் எம்எக்ஸ் ரெக்கார்ட். முதல் நாளே அதோடயும் mail பேரோடயும் டிடிஎல்லை, அதாவது மத்தவங்க பழைய விலாசத்தை ஞாபகம் வச்சுக்கிற நேரத்தை, 300-க்கு இறக்கிடுங்க, 5 நிமிஷம். பழைய டிடிஎல் 86400-ஆ இருந்தா ஒரு முழு நாள் கழிச்சுத்தான் அந்த 300 எல்லா இடத்துலயும் செல்லும், அதனாலதான் முதல் நாளே. அப்புறம் எம்எக்ஸையும் mail பேரையும் புது சர்வருக்கு மாத்துங்க. அப்பயும் சில பேரு அனுப்பற மெயில் ரெண்டு நாள் வரைக்கும் பழைய சர்வருக்கே போகும், அது சகஜம். அதனால மாத்தின ரெண்டு நாள் கழிச்சு அதே imapsync-ஐ இன்னொரு தடவை ஓட்டுங்க, அங்க விழுந்ததை வாரிக்கிட்டு வந்துடும். அதுவரைக்கும் பழைய அக்கவுண்டை கேன்சல் பண்ணக்கூடாது.

லேப்டாப்ல பழைய அக்கவுண்டை அப்படியே விட்டுட்டு, புதுசை தனி அக்கவுண்டா சேருங்க. பழசை எடிட் பண்ணி புதுசாக்காதீங்க.

மலர்_ஆயர்ஈத்தாம் | 16 மார்ச், மாலை 5:30

சார், என் பிஎஸ்டி-யை டிஸ்க்ல எடுத்தாச்சு. ஆனா எனக்கு பழைய சர்வர்ல எதுவும் இல்லையே, அப்ப imapsync எங்கிருந்து இழுக்கும்? அவுட்லுக்ல இருந்து இழுத்து போட்டா கவிக்கு வந்த மாதிரி தேதி குழம்புமா?

சேகர்_பயான்லெப்பாஸ் | 16 மார்ச், இரவு 9:20

குழம்பலாம் டீச்சர். ஒரு பத்து மெயிலை மட்டும் புது அக்கவுண்ட்ல போட்டு, போன்ல வரிசையைப் பாருங்க. சரியா இருந்தா மிச்சத்தை வருஷ வாரியா ஏத்துங்க. குழம்பினா, பிஎஸ்டி-யை முதல்ல தண்டர்பேர்டுக்குள்ள கொண்டு வந்து அங்கிருந்து ஏத்திப் பார்க்கலாம், அதையும் பத்து மெயில் வச்சு டெஸ்ட் பண்ணிட்டு. இன்னொரு கேள்வி: பழசை எல்லாம் புது அக்கவுண்ட்ல ஏத்தித்தான் ஆகணுமா? தேவைப்படறப்போ தேடறதுக்கு மட்டும்னா பிஎஸ்டி-யா ரெண்டு டிஸ்க்ல இருந்தா போதும்னு நான் நினைக்கிறேன்.

கவி_லெபோபசார் | 16 மார்ச், இரவு 9:45

அதுல எனக்கு வேற எண்ணம் அண்ணே. டிஸ்க்ல இருக்கிறதை அப்பாவால தேட முடியாது. போன்ல வாடிக்கையாளர் பேரு போட்டா 2014 ஆர்டர் வரணும், அவருக்கு அதுதான் மெயில். டீச்சர், பெற்றோர் யாராவது பழைய ரசீது கேட்டா நீங்க எங்கிருந்து எடுப்பீங்கன்னு யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

மலர்_ஆயர்ஈத்தாம் | 17 மார்ச், காலை 7:05

கேக்கறாங்களே, வருஷா வருஷம் கேக்கறாங்க. கடைசி மூணு வருஷத்தை மட்டும் ஏத்தலாம்னு பாக்கறேன், மிச்சம் டிஸ்க்ல. பத்து மெயில் டெஸ்ட் இன்னைக்கு சாயங்காலம்.

கவி_லெபோபசார் | 23 மார்ச், இரவு 8:50

வியாழக்கிழமை எம்எக்ஸும் mail பேரும் மாத்தினேன், நேத்து imapsync கடைசி தடவை ஓட்டினேன். பழைய சர்வர்ல 17 புது மெயில் விழுந்திருந்துச்சு, அதுல ஒண்ணு கோயம்புத்தூர் சப்ளையரோட ப்ரோஃபார்மா, 17-ம் வந்து சேர்ந்துருச்சு. லேப்டாப்ல பழைய அக்கவுண்டைத் திறந்து பார்த்தேன், சேகர் அண்ணன் சொன்ன மாதிரியே காலியாகி புது சர்வர்ல இருக்கிறதை முதல்ல இருந்து இறக்கிக்கிட்டு இருந்துச்சு. Local Folders மட்டும் அசையாம நிக்குது. எங்க அண்ணனைக் கூப்பிட்டு காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாரு.

பழைய ஹோஸ்டிங் ஏப்ரல் 30 வரைக்கும் இருக்கும், அதுக்கு முன்னாடி கேன்சல் பண்ணப் போறதில்ல. சித்தி வீட்டு டிஸ்க்கை அவங்க கம்ப்யூட்டர்ல தண்டர்பேர்ட் போட்டு திறந்து பார்க்கணும், அது மட்டும் பாக்கி.